பீரியட்ஸ் அதிகமாகப் போகிறதா? வெளிநாட்டு டாக்டருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டுவது எப்படி

திருப்பூர் பக்கத்திலிருந்து ஜோர்டானுக்குத் தையல் வேலைக்குப் போன 38 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். டாக்டருக்கு அரபியும் இங்கிலீஷும் தெரியும். கூட வருகிற தோழிக்கு இந்தியும் கொஞ்சம் அரபியும் தெரியும், தமிழ் அரைகுறை. உள்ளே போனதும் இந்த அம்மா சொல்கிறார்:

"அஞ்சு மாசமாவே ஒடம்பு செரியில்லீங்க. தூரமானா நிக்கவே மாட்டேங்குது. ஒரே சடவா இருக்குது. எந்திரிச்சா கண்ணக் கட்டுது. சூடு புடிச்சிருச்சுன்னு நெனைக்கிறேனுங்."

ஈரோட்டிலோ கோபியிலோ எந்த டாக்டருக்கும் இது விளங்கும். அங்கே டாக்டர் காதில் விழுவது, "அஞ்சு மாசமாகக் காய்ச்சல், உடம்பு பலவீனம்" என்பதுதான். ரத்தப்போக்கு என்ற பேச்சே போய்ச் சேரவில்லை. காய்ச்சல் மாத்திரையும் ஒரு சத்து டானிக்கும் கொடுத்து அனுப்புவார்கள். தோழி மேல் தப்பில்லை. "தூரம்" அவருக்குத் தெரியாத சொல். "சூடு" என்றதும் காய்ச்சல் என்றுதான் நினைப்பார்.

இதைத் தடுக்க ஒரே ஒரு தாள் போதும். அதிகப்படியான மாதவிடாய் ரத்தப்போக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தத் தாளை எப்படித் தயார் செய்வது என்று பார்ப்போம். வாயால் சொல்லக் கூச்சப்பட்டு நம் பெண்கள் ரொம்ப நாள் தள்ளிப்போடுவது இதைத்தான். எழுத்தில் சொல்ல வசதியானதும் இதுவே, ஏனென்றால் டாக்டருக்கு வேண்டியது பெரும்பாலும் தேதியும் எண்ணிக்கையும்தான்.

தாள் எழுத உட்காரக் கூடாத நேரம்

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். மயங்கி விழுந்தால், படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் அப்போதும் அப்படித்தான். பீரியட்ஸ் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி வந்து, கூடவே ரத்தம் பட்டால் அது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம். உயிருக்கு ஆபத்தானது அது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களுக்கும் அபூர்வமாக வருவதுண்டு. நேராக எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். ஜோர்டானில் ஆம்புலன்ஸுக்கு 911.

மற்றவர்களுக்கு ஒரு மாதக் கணக்கு இருந்தால் நல்லது. அதற்காக மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இரண்டு நாள் கணக்கு இருந்தாலும் போகலாம்.

முதலில் கணக்கு

"நிறையப் போகுதுங்க" என்றால் டாக்டருக்கு ஒன்றும் பிடிபடாது. எத்தனை பேட் என்று கேட்பார். இங்கே தையல் கம்பெனியில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. லைன் ஓடும்போது நினைத்த நேரத்தில் எழுந்து போக முடியாது, பிரேக் விட்டால்தான் மாற்ற முடியும். அதனால் நாளைக்கு 4 பேட்தான் மாற்றியிருப்பார்கள், ஆனால் நாலும் வழிந்து உடையில் பட்டிருக்கும். வெறும் "4" என்று சொன்னால் டாக்டர் அதைச் சாதாரணம் என்று எடுத்துக்கொள்வார்.

ஆகவே எண்ணிக்கையோடு நேரத்தையும், எவ்வளவு நனைந்தது என்பதையும் எழுத வேண்டும். செல்போனிலோ ஒரு துண்டுச் சீட்டிலோ ஒவ்வொரு முறை மாற்றும்போதும் மணியைக் குறித்து, பக்கத்தில் லேசாக, பாதி, முழுசாக என்று மூன்றில் ஒன்றைப் போடுங்கள். இப்படி:

> காலை 6.00 – முழுசாக
> காலை 10.00 – முழுசாக, உடையில் பட்டது (நடுவில் மாற்ற முடியவில்லை)
> மதியம் 1.00 – முழுசாக, கட்டி 3 செ.மீ.
> மாலை 4.00 – பாதி
> இரவு 8.00 – பாதி
> இரவு 11.30 – முழுசாக
> அதிகாலை 3.00 – பாதி, இதற்காகவே எழுந்தேன்

மகப்பேறு டாக்டர்கள் இதற்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. லேசாக நனைந்த பேட் ஒன்றுக்கு 1, பாதிக்கு 5, முழுசாக நனைந்ததற்கு 20. சின்னக் கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. ஒரு பீரியட்ஸ் முழுதும் கூட்டி 100-ஐத் தாண்டினால் அதிக ரத்தப்போக்கு என்று சந்தேகிப்பார்கள். மேலே உள்ள ஒரே நாளில் முழுசு நாலுக்கு 80, பாதி மூன்றுக்கு 15, பெரிய கட்டிக்கு 5, ஆக 100 வந்துவிட்டது. இப்படி மூன்று நாள் போகிறது என்றால் டாக்டருக்கு வேறு விளக்கமே தேவையில்லை. நீங்கள் கூட்டிப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, சீட்டை அப்படியே கொடுத்தால் அவர்கள் கூட்டிக்கொள்வார்கள்.

கட்டியின் அளவைச் சொல்லும்போது "நெல்லிக்காய் அளவு", "ரெண்டு ரூபாய் காசு அளவு" என்று எழுதாதீர்கள். நம் காசை அவர் பார்த்திருக்க மாட்டார். தையல்காரர் கையில் எப்போதும் இஞ்சி டேப் இருக்கும். அதன் மறுபக்கத்தில் செ.மீ. இருக்கிறதே, அதை மனதில் வைத்து உத்தேசமாகச் சொன்னால் போதும். 2.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய கட்டி என்று எடுத்துக்கொள்வார்கள்.

பேட் வகையையும் ஒரு சொல்லில் சேருங்கள். நைட் பேடா, சாதா பேடா, துணியா, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைக்கிறீர்களா என்பது வித்தியாசம் காட்டும்.

தேதியை எப்படி எழுதுவது

"போன அமாவாசைக்கு முந்தி", "ஆடி நோன்பி சமயம்" என்று மனதில் இருப்பதையெல்லாம் இங்கிலீஷ் மாதத் தேதியாக மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி மூன்று பீரியட்ஸுக்கும் ஆரம்பித்த நாள், நின்ற நாள் இரண்டும் வேண்டும். முதல் நாள் முதல் அடுத்த முதல் நாள் வரைதான் சுழற்சி. நின்ற நாளிலிருந்து எண்ணுகிற வழக்கம் நம்மிடம் நிறைய. அப்படி எண்ணினால் 29 நாள் சுழற்சி 21 நாளாகத் தெரியும். டாக்டர், மாதம் ஒரு முறைக்கு மேல் வருகிறது போல என்று வேறு பக்கம் போய்விடுவார். கழித்துப் பார்க்கும் வேலையை அவரிடமே விட்டுவிட்டு, தேதிகளை மட்டும் கொடுங்கள். மாதத்தை எண்ணாகப் போடாமல் பெயராக எழுதினால் நாளா மாதமா என்ற குழப்பமும் வராது.

ஊர்ப் பேச்சைக் கழற்றிவிட்டு எழுதுவது

தாளில் தூரம், தீட்டு, வீட்டுக்கு விலக்கு, தலைக்கு ஊத்திக்கிட்டேன் எதுவும் வேண்டாம். "மாதவிடாய்" அல்லது "பீரியட்ஸ்" என்று மட்டும் எழுதுங்கள். இலங்கைத் தமிழ் அக்காவோ மலையாள நர்ஸோ மொழிபெயர்த்தாலும் இந்த இரண்டில் ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சூடு, வாயு, பித்தம் ஆகியவை நாம் நினைக்கிற காரணம். டாக்டருக்கு வேண்டியது உடம்பில் நடப்பது. "சூடு" என்று எழுத நினைத்த இடத்தில், எரிச்சலா, உள்ளங்கால் காந்துகிறதா, தெர்மாமீட்டரில் காய்ச்சல் இருந்ததா என்று பாருங்கள். காய்ச்சல் இல்லையென்றால் "காய்ச்சல் இல்லை" என்று தனி வரியாகவே எழுதுவது நல்லது. அந்தத் தப்பு மொழிபெயர்ப்பில் புகுந்தாலும் அந்த ஒரு வரி திருத்திவிடும்.

"சடவு", "கண்ணைக் கட்டுது" போன்றவற்றுக்கு ஒரு சுலபமான வழி, முன்னால் செய்ய முடிந்து இப்போது முடியாத ஒரு வேலையைச் சொல்வது. "ஹாஸ்டலில் மூன்றாவது மாடிக்கு நிற்காமல் ஏறுவேன். இப்போது ஒரு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது." இதை எந்த மொழியில் சொன்னாலும் கெடாது. கண்ணைக் கட்டுவதை "உட்கார்ந்து எழுந்தால் சில நொடி கண் இருட்டுகிறது, விழுந்ததில்லை" என்று எழுதலாம்.

இன்னொன்று, எழுத வெட்கப்பட்டுப் பலரும் விட்டுவிடுவது: அரிசி மெல்லுகிற பழக்கம். பச்சரிசி, சாக்பீஸ், ஐஸ் கட்டி, மண் இவற்றைத் தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். சொன்னால் சிரிப்பார்களோ என்று மொழிபெயர்ப்பவரும் இதை விட்டுவிடுவார். எழுத்தில் இருந்தால் விடுபடாது.

மறைக்கவே கூடாத மாத்திரைகள்

ஊரில் மாரியம்மன் பண்டிகைக்கோ கல்யாணத்துக்கோ "தள்ளிப்போடுற மாத்திரை" சாப்பிடும் வழக்கம் இருக்கிறது. பெரும்பாலும் நார்எதிஸ்டெரோன். ஊருக்கு வந்தபோது வாங்கி மிச்சமிருந்ததை அங்கேயும் போட்டிருந்தால் எழுதுங்கள். நிறுத்திய சில நாளில் ரத்தம் வருவது அந்த மாத்திரையின் இயல்பு. அது தெரியாமல் டாக்டர் வேறு காரணம் தேடுவார். தலைவலிக்கு ஆஸ்பிரின் போடுவதாக இருந்தால் அது ரத்தம் உறைவதைக் குறைக்கும், அதையும் எழுத வேண்டும். காப்பர்-டி போட்டிருந்தால் போட்ட வருடத்தோடு எழுதுங்கள், அதனாலேயே பீரியட்ஸ் அதிகமாகலாம். நாட்டு மருந்து, லேகியம், தெரிந்தவர் கொடுத்த பொடி, எதுவானாலும் பெயர் தெரியாவிட்டாலும் "பெயர் தெரியாத பொடி, 2 மாதம்" என்று ஒரு வரி.

மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது இந்தியக் கம்பெனி வைத்த பெயர். அங்கே அது யாருக்கும் தெரியாது. அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் பார்த்து எழுதுங்கள். அட்டையையே கொண்டுபோனால் இன்னும் நல்லது.

தாளின் வடிவம்

ஒரு வரிக்கு ஒரு விஷயம். ஒவ்வொரு வரிக்கும் எண். ஒவ்வொரு வரிக்குக் கீழும் இரண்டு வரி இடம் காலி. அந்த இடத்தில் இங்கிலீஷ் வர வேண்டும். ஜோர்டானிலும் வளைகுடா நாடுகளிலும் டாக்டர்கள் பெரும்பாலும் மருத்துவத்தை இங்கிலீஷில் படித்தவர்கள், ரிப்போர்ட்டும் இங்கிலீஷில்தான் வரும். எனவே இங்கிலீஷ் இருந்தால் மொழிபெயர்ப்பவர் வாய் வழியாகப் போகாமல் டாக்டரே நேராகப் படித்துவிடுவார்.

அந்த இங்கிலீஷை ஊரில் காலேஜ் படிக்கிற மகளிடமோ, தங்கை மகளிடமோ வாட்ஸ்அப்பில் தாளின் போட்டோ அனுப்பி எழுதி வாங்கலாம். வந்ததை அப்படியே நம்பிவிடாமல், தமிழ் மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் அந்த இங்கிலீஷை மட்டும் காட்டித் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 9 நாள் 9 நாளாகவே திரும்பி வருகிறதா, "இல்லை" என்றவை எல்லாம் "இல்லை" என்றே வருகிறதா என்று பார்த்தால் போதும். தப்பு நுழைவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

இரண்டு பிரதி எடுங்கள், இரண்டிலும் எண்கள் ஒன்றாக இருக்கட்டும். டாக்டர் 7-ஆம் வரியில் விரல் வைத்து ஏதோ கேட்டால், உங்கள் கையில் இருக்கும் தாளிலும் 7-ஆம் வரியைப் பார்த்து எதைப் பற்றிக் கேட்கிறார் என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

மேலே சொன்ன அம்மாவுக்காக எழுதிய தாள் இது:

> 1. பெண், வயது 38. தையல் வேலை. பேசும் மொழி தமிழ். முடிந்தால் பெண் டாக்டர் வேண்டும்.
> 2. முக்கியப் பிரச்சினை: மாதவிடாயில் ரத்தம் அதிகமாகப் போகிறது. ஏப்ரலில் இருந்து, 5 மாதமாக.
> 3. கடைசி மூன்று மாதவிடாய்: ஜூலை 3 முதல் 11 வரை. ஆகஸ்ட் 1 முதல் 9 வரை. ஆகஸ்ட் 27 முதல் செப்டம்பர் 4 வரை.
> 4. முன்பு: 4 நாள், நாளுக்கு 3 பேட். இப்போது: 9 நாள், முதல் 3 நாள் நாளுக்கு 7 பேட். நேரக் கணக்குச் சீட்டு இணைத்திருக்கிறேன்.
> 5. கட்டியாக வருகிறது, சுமார் 3 செ.மீ. இரவில் பேட் மாற்ற எழுந்திருக்கிறேன்.
> 6. மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம் படுவதில்லை.
> 7. அடிவயிற்று வலி முதல் 2 நாள். 10-க்கு 6. வலி இருபுறமும்.
> 8. ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. எழுந்தால் கண் இருட்டுகிறது. மயங்கி விழுந்ததில்லை. 3 மாதமாகப் பச்சரிசி மெல்லுகிறேன்.
> 9. காய்ச்சல் இல்லை. வெள்ளைபடுதலில் நாற்றம் இல்லை. சிறுநீர் எரிச்சல் இல்லை.
> 10. இரண்டு குழந்தைகள், இரண்டும் சிசேரியன். கரு கலைந்ததில்லை. 2014-இல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். காப்பர்-டி இல்லை.
> 11. பி.பி., சர்க்கரை இல்லை. தைராய்டு பார்த்ததில்லை. காலில் ரத்தக்கட்டி வந்ததில்லை. பல் பிடுங்கியபோதோ ஆபரேஷனிலோ ரத்தம் நிற்காமல் போனதில்லை.
> 12. மருந்து: தலைவலிக்கு ஆஸ்பிரின், வாரம் 2 மாத்திரை. மே மாதம் நார்எதிஸ்டெரோன் 5 மி.கி., 5 நாள். வேறு எதுவும் இல்லை.
> 13. மருந்து ஒவ்வாமை: பென்சிலின் ஊசிக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்தது.
> 14. கடைசியாக ரத்தம் பார்த்தது: வேலைக்கு வரும் முன் மெடிக்கலில் ஹீமோகுளோபின் 11.2.
> 15. என் கேள்விகள்: காரணம் என்ன? என்ன டெஸ்ட், ரிசல்ட் எப்போது? வேலை நேரத்தில் கழிப்பறைக்குப் போக அனுமதிக்கச் சொல்லிக் கடிதம் கிடைக்குமா?

11-ஆம் வரியைப் பாருங்கள், "இல்லை"யாகவே இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. ரத்தப்போக்கைக் குறைக்க அடிக்கடி எழுதப்படும் டிரானெக்ஸாமிக் ஆசிடை, காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. சில ஹார்மோன் மாத்திரைகளுக்கு பி.பி. தெரிந்தாக வேண்டும். பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காதவர்களுக்கு ரத்தம் உறைவதிலேயே குறை இருக்கலாம். இவை எழுத்தில் இருந்தால் டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு, தோழி ஒவ்வொன்றாக மொழிபெயர்க்கிற நேரம் மிச்சம். 15-ஆம் வரியில் இருக்கிற கடிதத்தைக் கேட்கப் பலருக்கும் தோன்றுவதே இல்லை. தையல் லைனில் இருப்பவருக்கு அடுத்த மாதம் வரை மாத்திரையைவிட அதுதான் அதிகம் உதவும்.

இரண்டாவது சீட்டு

உடலுறவு, இப்போது கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா என்பது பற்றியவை முதல் தாளில் இல்லை. அவற்றைத் தனிச் சீட்டில், இங்கிலீஷோடு எழுதி மடித்து டாக்டர் கையில் கொடுங்கள். மொழிபெயர்க்க வருபவர் ஹாஸ்டலில் உங்களோடு இருப்பவர், அவர் காதில் விழ வேண்டாதது இருக்கும். நம் மாதிரிப் பெண் எழுதுவது: "திருமணமானவர். கணவர் ஊரில். 10 மாதமாக உடலுறவு இல்லை."

அரபு நாடுகளில் "கல்யாணம் ஆயிற்றா" என்று கேட்பதற்குப் பின்னால் பெரும்பாலும் வேறொரு கேள்வி இருக்கிறது. உள்பரிசோதனையும் உள்வழி ஸ்கேனும் செய்யலாமா என்பதை அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். கல்யாணமாகாதவர் என்றால் வயிற்றின் மேலேயே ஸ்கேன் பார்ப்பார்கள். அதற்குத் தண்ணீர் குடித்து மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், காலையில் போகும்போதே தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். சிறுநீரில் கர்ப்ப டெஸ்ட் பெரும்பாலும் எடுப்பார்கள். சந்தேகப்படுகிறார்கள் என்று கோபப்பட ஒன்றுமில்லை, ரத்தப்போக்குக்கு முதலில் விலக்க வேண்டிய காரணம் அதுதான்.

கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டு என்றால் டாக்டரிடம் மறைப்பது ஆபத்து. கல்யாணத்துக்கு வெளியே கர்ப்பம் என்றால் சட்டச் சிக்கல் வரக்கூடிய நாடுகளும் உண்டு. அப்படிப்பட்ட நிலையில் கம்பெனி ஆளை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகவே கூடாது.

யாரைக் கூட்டிப் போவது, என்ன சொல்லி வைப்பது

சூப்பர்வைசர் வேண்டாம். ஏஜென்ட் வேண்டாம். லீவு கொடுக்கிறவரும் சம்பளம் போடுகிறவரும் உங்கள் வியாதியை முதலில் கேட்பவராக இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியிலேயே மலையாள நர்ஸோ தமிழ் தெரிந்த ஊழியரோ இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் தோழி. கணவரை போனில் வைத்து அவர் மூலம் பேசுவது எளிதாகத் தோன்றும், ஆனால் உங்களுக்குப் பதில் அவரே பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

தோழியிடம் உள்ளே போகும் முன் தாளைக் கொடுத்து ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். புரியாத வரியை அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும். இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். நான் சொல்வதைச் சுருக்க வேண்டாம், டாக்டர் சொல்வதையும் சுருக்க வேண்டாம். தெரியாத சொல் வந்தால் ஊகித்துச் சொல்லாமல் தெரியவில்லை என்று சொல்லிவிடு.

உள்ளே

தலையாட்டாதீர்கள். நாம் ஆமாம் என்று தலையைப் பக்கவாட்டில் அசைப்பது அவர்களுக்கு இல்லை என்றோ தெரியவில்லை என்றோ படும். ஜோர்டான் பக்கத்தில் இல்லை என்பதற்குப் புருவத்தையும் மோவாயையும் மேலே தூக்கி நாக்கால் ஒரு "ட்ச்" போடுவார்கள். நாம் அதை வேறெதோ சலிப்பு என்று நினைப்போம். "ம்" என்பதும் "ம்ஹும்" என்பதும் மாஸ்க்குக்குள்ளிருந்து வந்தால் ஒன்றேபோல்தான் கேட்கும். ஆமாம் என்பதற்கு "நஅம்", இல்லை என்பதற்கு "லா", இந்த இரண்டையும் வாயால் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

வலியைக் காட்டும்போது உடையின்மேல் ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். உள்ளங்கையை வயிற்றில் வைத்துச் சுற்றினால் வயிறு முழுதும் வலி என்று எழுதுவார்கள்.

டாக்டர் ஒரு நிமிடம் பேசி, தோழி "ஒண்ணும் பயமில்லையாம்" என்று மட்டும் சொன்னால் அதோடு எழுந்துவிடக் கூடாது. "அவர் சொன்னதை அப்படியே சொல்லு" என்று கேளுங்கள். பிறகு நீங்கள் புரிந்துகொண்டதை நீங்களே சொல்லி, டாக்டரிடம் சரியா என்று கேட்கச் சொல்லுங்கள்: எந்த மாத்திரை, நாளைக்கு எத்தனை, எத்தனை நாள், திரும்ப எப்போது வர வேண்டும். அரை நிமிடம்கூட ஆகாது, தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இந்தத் தாளைப் பார்த்த டாக்டர் அநேகமாக ரத்த அணுக்கள் எண்ணிக்கை, உடம்பில் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, ஸ்கேன் என்று எழுதுவார். 38 வயதில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி, கர்ப்பப்பைச் சுவர் வீக்கம், ஹார்மோன் குழப்பம், தைராய்டு இவைதான் பொதுவாக முதலில் பார்க்கப்படும் காரணங்கள்.

மருந்துச் சீட்டும் ரிப்போர்ட்டும்

நம் ஊரில் 1-0-1 என்று எழுதிப் பழக்கம். அங்கே 1×2, 1×3 என்று எழுதுவதும் உண்டு, நாளைக்கு மூன்று வேளை ஒவ்வொன்று என்பது 1×3. மருந்துக் கடையிலேயே தோழியை நிற்க வைத்து, ஒவ்வொரு டப்பாவின் மேலும் தமிழில் காலை, மதியம், இரவு என்று பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

டிரானெக்ஸாமிக் ஆசிட் கொடுத்தால் அது ரத்தம் போகும் நாட்களுக்கு மட்டும்தான். மாதம் முழுதும் சாப்பிடுவது அல்ல. இரும்பு மாத்திரை அதற்கு நேர் எதிர், ரத்தம் நின்றாலும் டாக்டர் சொன்ன காலம் வரை தொடர வேண்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிறைய வழக்கமாக 3 மாதம் தொடரச் சொல்வார்கள். காலை டீயோடு அதைப் போட்டால் பாதிச் சத்து வீண். டீக்கு ஒரு மணி நேரமாவது முன்னாலோ, இரண்டு மணி நேரம் கழித்தோ போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையால்தான். வயிறு புரட்டினால் நீங்களாக நிறுத்திவிடாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று கேளுங்கள், அப்படிக் கொடுப்பதும் உண்டு.

ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 86 என்று இருந்தால் பதற வேண்டாம். சில நாடுகளில் லிட்டர் கணக்கில் போடுவார்கள், நம் கணக்கில் அது 8.6. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 8-க்குக் கீழே கடுமையானது. 86 வந்தவர் 11.2-லிருந்து இறங்கியிருக்கிறார் என்பது 14-ஆம் வரியால் டாக்டருக்குத் தெரியும். அந்த இறக்கம்தான் சிகிச்சையின் வேகத்தை முடிவு செய்யும்.

அடுத்த தடவை போகும்போது புதுத் தாள் எழுத வேண்டாம். பழைய தாளிலேயே 16-இலிருந்து தொடருங்கள்: என்ன மாத்திரை எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாள் விட்டுப்போயிற்று, அடுத்த பீரியட்ஸ் ஆரம்பித்த தேதியும் நின்ற தேதியும், முதல் மூன்று நாள் பேட் கணக்கு. ரிப்போர்ட்களைப் போட்டோ எடுத்து ஊரில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். கான்ட்ராக்ட் முடிந்து வந்தபிறகு திருப்பூரிலோ கோவையிலோ பார்க்கிற டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.